மாதம் 600 குறைத்தால் மூன்று வருஷம் இருப்பீர்களா?

எங்கள் மாடி வீட்டுக்குக் குடிவந்து 19 மாதம் ஆகியும் அந்தக் குடும்பம் சுவரில் ஒரு ஆணிகூட அடித்திருக்கவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் புத்தகங்கள், வந்த அன்று இறக்கிய அதே அட்டைப் பெட்டிகளில் ஜன்னலோரம் அடுக்கியிருந்தன. மார்ச் மாதக் கடைசியில் தண்ணீர் மோட்டார் விஷயமாக மாடிக்குப் போனபோதுதான் கவனித்தேன். "ஷெல்ஃப் மாட்டலையாம்மா?" என்று கேட்டேன். "ஜூன்ல அக்ரிமெண்ட் முடியுதே அம்மா, அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கோம்" என்றார் அந்தப் பெண்.

அந்தப் பதிலோடு கீழே இறங்கி வந்து காலண்டரைப் பார்த்தேன். ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடிகிறது. வாடகையைத் தேதி தவறாமல் கொடுப்பவர்கள், வீட்டைத் தங்கள் வீடுபோல் பார்த்துக்கொள்பவர்கள் அடுத்த வீடு எங்கே என்ற நினைப்போடு பெட்டியைப் பிரிக்காமல் இருக்கிறார்கள். இவர்கள் போய்விட்டால் அடுத்து வருபவர் எப்படி இருப்பாரோ என்று நான் கீழே உட்கார்ந்து கவலைப்படுகிறேன். ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இரண்டு தரப்புக்கும் ஒரே கவலை. ஆனால் யாரும் வாய் திறந்து பேசவில்லை.

வீட்டுக்காரர்கள் பலர் இந்த இடத்தில் சும்மா இருந்துவிடுகிறோம். ஒப்பந்தம் முடிகிற வாரத்தில் "இந்தத் தடவை எவ்வளவு ஏத்தலாம்?" என்ற பேச்சு மட்டும்தான் நடக்கும். நான் இந்த முறை வேறு மாதிரி செய்தேன். வாடகையைக் கொஞ்சம் குறைத்து, மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போடலாமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்குப் போட்டதையும், கடிதத்தை எழுதித் திருத்தியதையும், அதன்பின் நடந்ததையும் அப்படியே சொல்கிறேன். சென்னையிலோ வேறு ஊரிலோ ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்குப் பயன்படும்.

ஒருவர் காலி செய்தால் என்ன செலவு?

முதலில் என் நிலவரம். வீடு சென்னை குரோம்பேட்டையில் இருக்கிறது. மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. இப்போதைய வாடகை 20,000 ரூபாய். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, அதாவது 60,000. புதுப்பிக்கும்போது வாடகை நூற்றுக்கு ஐந்து ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக, ஜூலையிலிருந்து அவர்கள் தரவேண்டியது 21,000. தெருவில் இதே அளவு வீட்டுக்குப் புதிதாக வருபவர்கள் 22,000 தருகிறார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால், இவர்கள் போனால் எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வரும். அந்த ஆயிரத்தைப் பார்த்துத்தான் நல்ல குடித்தனக்காரர்களை நாம் இழக்கிறோம். நான் ஒரு தாளை எடுத்து, ஜூன் 30-இல் இவர்கள் காலி செய்தால் என்ன ஆகும் என்று வரிசையாக எழுதினேன்.

காலி செய்தபின் பெயிண்ட் அடிக்கவும் சில்லறை வேலைகளுக்கும் இரண்டு வாரம் போகும். அது முடிவதற்குள் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் வீடு பார்க்க வருவார்கள், பால் காய்ச்ச வரமாட்டார்கள். ஆவணி பிறந்து ஆகஸ்ட் நடுவில்தான் அடுத்த குடும்பம் வரும். ஒன்றரை மாத வாடகை போயிற்று. 21,000 ரூபாய்க் கணக்கில் 31,500.

வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்க என் பெயிண்டர் சொன்ன தொகை 30,000. காலி செய்பவரின் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்குப் பிடித்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். 20,000 போனால், என் கையிலிருந்து 10,000. தரகருக்கு ஒரு மாத வாடகை, 22,000. குழாய், சுவிட்சு, கொசுவலை, தொட்டி கழுவுவது என்று சில்லறையாக 8,500. எல்லாம் சேர்த்து 72,000 ரூபாய். புதிதாக வருபவர் மாதம் ஆயிரம் கூடுதலாகத் தருவதால் முதல் வருஷத்தில் 12,000 திரும்ப வரும். அதைக் கழித்தாலும் 60,000 ரூபாய் நஷ்டம்.

இந்த 60,000 முழுவதையும் தள்ளுபடியாகக் கொடுத்துவிடலாமா என்றால், கூடாது. கணக்கு தவறும் இடம் இதுதான். நான் எதுவும் குறைக்காமலேயே அவர்கள் மூன்று வருஷம் இருந்துவிடவும் கூடும். அப்படி இருந்தால் நான் கொடுக்கும் தள்ளுபடி வீண். அவர்கள் போவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று நம் மனசாட்சிப்படி மதிப்பிட வேண்டும். பெட்டியைப் பிரிக்காத குடும்பம், மூன்று வருஷக் காலம். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டேன். 60,000-இல் பாதி 30,000. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து இந்த ஏற்பாட்டுக்காக நான் செலவழிக்கக்கூடிய உச்ச அளவு அதுதான்.

அதிலும் ஒரு பகுதி பதிவுச் செலவுக்குப் போகும். நாம் எல்லோரும் 11 மாத ஒப்பந்தம் போடுவதற்குக் காரணமே இந்தச் செலவுதான். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 11 மாதம் என்றால் அந்தக் கட்டாயம் வராது. தமிழ்நாட்டில் 30 வருஷத்துக்குக் குறைவான குத்தகைக்கு, மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு ஒன்று முத்திரைத் தீர்வை, இன்னொரு ஒன்று பதிவுக் கட்டணம். பதிவுக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு உண்டு. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் பதிவுக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. என் விஷயத்தில் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 16,650 வரும். ஆளுக்குப் பாதி என்றால் என் பங்கு சுமார் 8,300.

30,000-இல் அது போக மிச்சம் 21,700. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 600. வாடகையில் நூற்றுக்கு மூன்றுக்கும் கொஞ்சம் குறைவு. நான் தரக்கூடிய தள்ளுபடி அவ்வளவுதான். மாதம் ஆயிரத்து ஐந்நூறு குறைத்திருந்தால் பெருந்தன்மையாகத் தெரிந்திருக்கும். ஆனால் இரண்டாம் வருஷமே எனக்கு மனம் கசந்திருக்கும். கசப்போடு கொடுக்கும் தள்ளுபடி, குழாய் ஒழுகும்போது "அதான் வாடகை குறைச்சுட்டோமே" என்று வெளியே வரும்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். தரகர் இல்லாமல் தெரிந்தவர்கள் மூலமாக ஆள் பிடிப்பவருக்கு 22,000 மிச்சம். அவர் மாதம் 300-க்கு மேல் குறைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் முக்கியம். எந்த வாடகையிலிருந்து குறைக்கிறோமோ அது உண்மையான வாடகையாக இருக்க வேண்டும். என் விஷயத்தில் 21,000 என்பது ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்த ஒப்பந்தத்தில் உள்ள தொகை. 23,000 கேட்கப் போவதாகச் சொல்லி, பிறகு 22,000-க்கு இறங்கி, அதற்குத் தள்ளுபடி என்று பெயர் வைத்தால், குடித்தனக்காரர் அன்று மாலையே தெருவில் விசாரித்துக் கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் எழுதியதும் கிழித்ததும்

கணக்கு முடிந்ததும் கடிதத்தை எழுதினேன். முதல் வடிவம் இப்படித் தொடங்கியது: "தங்களது வாடகை ஒப்பந்தம் 30.06 அன்று காலாவதியாவதால், தங்களுக்குச் சலுகை அடிப்படையில் மூன்று ஆண்டு லீஸ் வழங்க முன்வந்துள்ளேன்." படித்துப் பார்த்தபோது எனக்கே அது நோட்டீஸ் மாதிரி இருந்தது.

அதில் மூன்று வார்த்தைகள் தவறு. "காலாவதி" என்று படித்த உடனே காலி செய்யச் சொல்கிறார்களோ என்று வயிற்றில் புளி கரையும். அதற்குப் பின் எழுதியிருப்பதை யாரும் அமைதியாகப் படிக்க முடியாது. "சலுகை" என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தருவது. 19 மாதம் ஒழுங்காக இருந்தவர் அதைச் சம்பாதித்திருக்கிறார். மூன்றாவது, "லீஸ்". சென்னையில் லீஸுக்கு வீடு என்றால், பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது என்றுதான் அர்த்தம். ஒத்தி என்று ஊர்ப்பக்கம் சொல்வது அதைத்தான். அந்த வார்த்தையைப் பார்த்தால், எத்தனை லட்சம் கேட்கப் போகிறாரோ என்று பயந்துவிடுவார்கள். "மூன்று வருஷ வாடகை ஒப்பந்தம்" என்று எழுதினால் சந்தேகமே வராது.

அவர்கள் இடத்தில் இருந்து யோசித்ததில் இன்னொன்றும் புரிந்தது. மாதம் 600 ரூபாய்க்காக யாரும் மூன்று வருஷம் கட்டுப்படமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது என்ன என்பதை அந்த அட்டைப் பெட்டிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. மகள் வரும் வருஷம் எட்டாம் வகுப்பு. ஜூலையிலிருந்து மூன்று வருஷம் என்றால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடிக்கும்வரை வீடு மாற வேண்டாம். இரண்டு வருஷம் என்று கேட்டிருந்தால் பத்தாம் வகுப்பு தொடங்கும்போது ஒப்பந்தம் முடிந்திருக்கும். மூன்று வருஷம் என்ற எண் எனக்கு வசதியாக இருந்ததால் வந்ததல்ல, அந்தப் பெண்ணின் படிப்பிலிருந்து வந்தது.

திருத்திய கடிதம் இதுதான்.

*ஏப்ரல் 2*

*அன்புமிக்க உங்கள் இருவருக்கும் வணக்கம்.*

*நம் வாடகை ஒப்பந்தம் ஜூன் 30 வரை இருக்கிறது. அதன் பிறகும் நீங்கள் இந்த வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். நிதானமாக யோசிக்க நேரம் வேண்டுமே என்றுதான் மூன்று மாதம் முன்பே எழுதுகிறேன்.*

*நீங்கள் வந்த 19 மாதத்தில் வாடகை ஒருமுறைகூட 5-ஆம் தேதியைத் தாண்டியதில்லை. போன ஐப்பசி மழையில் குளியலறைச் சுவரில் ஈரம் தெரிந்த அன்றே சொன்னீர்கள். ஒரு குழாய் இணைப்பை மாற்றியதோடு வேலை முடிந்தது. ஒரு மாதம் விட்டிருந்தால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். இப்படிப் பார்த்துக்கொள்பவர்கள் இருந்தால் எனக்கு அலைச்சலும் செலவும் மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு உங்களுக்கும் சேர வேண்டும் என்று நினைக்கிறேன்.*

*அதனால் இந்த ஜூலை 1 முதல் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போடலாமா என்று கேட்கிறேன். இப்போதைய ஒப்பந்தப்படி ஐந்து சதவீதம் ஏறினால் அடுத்த மூன்று வருஷமும் மாத வாடகை 21,000, 22,050, 23,150 என்று வரும். மூன்று வருஷத்துக்குச் சம்மதித்தால் ஒவ்வொரு மாதமும் அதில் 600 குறைத்துக்கொள்கிறேன். முதல் வருஷம் 20,400, இரண்டாம் வருஷம் 21,450, மூன்றாம் வருஷம் 22,550. இதற்கு மேல் நடுவில் ஒரு ரூபாயும் ஏறாது. அட்வான்ஸ் அதே 60,000.*

*மூன்று வருஷத்தில் உங்களுக்குக் குறைவது 21,600. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவில் உங்கள் பாதி சுமார் 8,300. அது போக, கையில் நிற்பது 13,300 அளவில் இருக்கும்.*

*இந்த மூன்று வருஷமும், வாடகை நின்றுபோவது போன்ற பெரிய காரணம் இல்லாமல், உங்களை நான் காலி செய்யச் சொல்லமாட்டேன். பாப்பா பத்தாம் வகுப்புத் தேர்வை இந்த வீட்டிலிருந்தே எழுதலாம். நீங்கள் முதல் வருஷம் மட்டும் கட்டாயம் இருந்தால் போதும். அதன்பின் எப்போது போக வேண்டுமானாலும் இரண்டு மாதம் முன்பு சொன்னால் சரி. முதல் வருஷத்துக்குள் போக நேர்ந்தால், அதுவரை குறைத்த 600 ரூபாய்களை மட்டும் திருப்பித் தந்தால் போதும்.*

*சுவரில் ஷெல்ஃப் மாட்டிக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது அந்தத் துளைகளுக்காக எதுவும் பிடிக்கமாட்டேன்.*

*வீட்டை விற்கும் எண்ணமோ, வீட்டின் பேரில் வழக்கோ இல்லை. மே 10-க்குள் சொன்னால் பத்திர வேலையைத் தொடங்க வசதியாக இருக்கும். உங்களுக்கு ஒத்துவராவிட்டால் ஒன்றும் இல்லை. இப்போதைய ஒப்பந்தத்தில் உள்ள 21,000-க்கே இன்னொரு 11 மாதம் தொடரலாம்.*

ஏன் இந்த வார்த்தைகள்?

கடிதத்தை இருவர் பேருக்கும் எழுதினேன். வீடு மாறுவதென்றால் வேலை இருவருக்கும்தான். கணவரிடம் மட்டும் கொடுத்தால் வாடகைத் தொகை மட்டும் சமையலறைக்குப் போய்ச் சேரும், மற்றதெல்லாம் வழியிலேயே நின்றுவிடும்.

நன்றியைப் பொதுவாக எழுதவில்லை. "நீங்கள் நல்ல குடித்தனக்காரர்" என்று எழுதினால் அது முகஸ்துதி. சுவரில் ஈரம் தெரிந்த அன்றே சொன்னதை எழுதினால், நான் கவனித்திருக்கிறேன் என்று தெரியும். தள்ளுபடி எதற்காக வருகிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடும். காரணம் சொல்லாமல் வாடகையைக் குறைத்தால், வீட்டில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். விற்பனையோ வழக்கோ இல்லை என்று நானாகவே எழுதியதும் அந்தச் சந்தேகத்துக்காகத்தான்.

பதிவுச் செலவைக் கழித்து 13,300 என்று எழுதியபோது என் மகன், "21,600-னு மட்டும் போட்டா நல்லா இருக்குமேம்மா" என்றான். பத்திரம் பதியும் நாளில் அந்த 8,300 புதிதாகத் தெரியவந்தால், அதுவரை சம்பாதித்த நம்பிக்கை எல்லாம் அங்கேயே போய்விடும். குறைவான எண்ணாக இருந்தாலும் கடைசி எண்ணையே சொல்லிவிடுவது மேல்.

என் கை மூன்று வருஷத்துக்குக் கட்டுப்படுகிறது, அவர்கள் கை ஒரு வருஷத்துக்கு மட்டும். இது எனக்கு நஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். மூன்று வருஷமும் கட்டாயம் என்று எழுதினால் முதலில் கையெழுத்தே கிடைக்காது. கிடைத்தாலும், போயே தீர வேண்டிய நிலையில் இருக்கும் ஒருவரைப் பிடித்து வைத்து வாங்கும் வாடகை நல்ல வாடகையாக இருக்காது. ஒரு வருஷம் கடந்தவர்கள், பெட்டியைப் பிரித்தவர்கள், தாங்களாகவே இருப்பார்கள் என்று நம்பினேன்.

கடைசி வரி மிக அவசியம். மறுத்தால் என்ன ஆகும் என்று சொல்லாவிட்டால், எவ்வளவு இனிமையாக எழுதினாலும் அது மிரட்டலாகவே படும். "வேண்டாம் என்றால் பழையபடியே" என்ற ஒரு வாக்கியம் இருந்தால்தான் "சரி" என்ற பதிலுக்கு மதிப்பு.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு

கடிதம் கொடுத்த நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை இருவரும் கீழே வந்தார்கள். அந்தப் பெண்தான் முதலில் கேட்டார்: "அம்மா, நீங்க விக்க மாட்டீங்க, சரி. நாளைக்கு ஏதோ அவசரம்னு விக்க வேண்டி வந்துட்டா, வாங்கறவங்க எங்களை வெளிய போகச் சொல்லுவாங்களே?"

நியாயமான கேள்வி. பதிவான குத்தகை நடப்பில் இருக்கும்போது வீடு கைமாறினால், வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தோடுதான் வாங்குகிறார். வாடகை வாங்கும் உரிமையும் அவருக்குப் போகிறது, வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பும் அவருக்குப் போகிறது. பதிவுக்குப் பணம் செலவழிப்பதன் பலன் குடித்தனக்காரருக்கு இங்கேதான். இருந்தாலும், அதையே தனி ஷரத்தாகவும் எழுதிவிடலாம் என்றேன்.

அவர் கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். "டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தா என்ன பண்றதுங்கம்மா? முதல் வருஷத்துக்குள்ளயே வந்தா?" என்றார். இதை நான் யோசித்திருக்கவில்லை. மாற்றல் அவர் கையில் இல்லாத விஷயம். மாற்றல் உத்தரவின் நகலைக் காட்டினால் எந்த மாதமானாலும் இரண்டு மாத முன்னறிவிப்போடு போகலாம், 600-ஐத் திருப்பித் தர வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டோம்.

பிறகு அந்தப் பெண் மெதுவாக, "பதிவுச் செலவு முழுக்க நீங்க பார்த்துக்க முடியுமாம்மா?" என்றார். நான் கணக்குப் போட்ட தாளையே எடுத்துக் காட்டினேன். இவர்கள் போனால் எனக்கு ஆகும் நஷ்டம் 60,000, அதில் பாதி, அதிலிருந்து வந்த 600, எல்லாம் அதில் இருந்தன. பேரம் பேசும்போது நம் கணக்கைக் காட்டக் கூடாது என்பார்கள். நான் காட்டியதும் அவர் தன் பக்கத்துக் கணக்கைச் சொன்னார். வீடு மாறினால் லாரிக்கூலி, தரகு, பெயிண்டுக்குப் பிடிக்கும் ஒரு மாத வாடகை, பள்ளி வேன் மாற்றம் என்று அவர்களுக்கும் அரை லட்சத்துக்குக் குறையாது என்றார். அதன்பின் பதிவுச் செலவைப் பற்றிப் பேச்சு எழவில்லை. பாதிக்குப் பாதி என்றே முடிந்தது.

பத்திரத்தில் எழுத வேண்டியவை

வாய்ப்பேச்சோடு விட்டுவிடக் கூடாது. மூன்று வருஷம் என்று பேசிவிட்டு, பழைய பழக்கத்தில் பதிவு செய்யாத தாளில் எழுதி வைத்துக்கொண்டால், தகராறு வரும் நாளில் அந்த மூன்று வருஷத்தை நிரூபிக்க அதை நம்ப முடியாது. தள்ளுபடி கொடுத்த வீட்டுக்காரரும் நஷ்டப்படுவார், அதை நம்பி இருந்த குடித்தனக்காரரும் நஷ்டப்படுவார்.

நாங்கள் எழுதியது நான்கு பக்கம். மூன்று வருஷத்துக்கும் தனித்தனியாக மாத வாடகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினோம். "ஐந்து சதவீதம் கழித்து 600" என்று எழுதினால் இரண்டாம் வருஷம் ஆளுக்கொரு கணக்கு வரும். தொடங்கும் தேதி, முடியும் தேதி, அட்வான்ஸ் திருப்பும் காலம், பெயிண்டுக்குப் பிடிக்கும் தொகை, எந்தப் பழுதை யார் பார்ப்பது, மாற்றல் ஷரத்து, விற்பனை ஷரத்து எல்லாம் இடம் பெற்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு பதிவு முடிந்தது. வாடகை அதிகார அமைப்பில் ஒப்பந்தத்தைப் பதிவதற்கான இணையதளம் tenancy.tn.gov.in. அதையும் மறக்கக் கூடாது.

வயதான வீட்டுக்காரர்கள் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மூணு வருஷம் விட்டா அப்புறம் வீடு நம்ம கைக்கு வருமா?" 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்தில், வழக்கு என்று போனால் வருஷக்கணக்கில் இழுத்ததைப் பார்த்த பயம் அது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் வந்த 2017-ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம்தான் அதற்கு அடிப்படை. வாடகை கொடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தின் பேரில் குடியிருப்பவர், வருஷம் கூடுவதால் மட்டும் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். முடியும் தேதியோடு பதிவான மூன்று வருஷப் பத்திரம், தேதியில்லாத வாய்ப்பேச்சைவிட வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பானது.

யாருக்கு இது சரிவராது?

எல்லோருக்கும் இப்படி எழுதக் கூடாது. குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகாதவரை நமக்கு இன்னும் தெரியாது. ஒரு மழைக்காலத்தையும், வாடகை தர நெருக்கடியான ஒரு மாதத்தையும் அவர் எப்படிக் கடக்கிறார் என்று பார்த்தபின்தான் கேட்க வேண்டும். என் குடித்தனக்காரருக்கும் ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனது. 2-ஆம் தேதியே வந்து, "5-ஆம் தேதி பாதி, 12-ஆம் தேதி மீதி தரலாமா?" என்று கேட்டார். 5-ஆம் தேதி காலையில் முழுத் தொகையும் வந்துவிட்டது. நம்பகமானவர் என்பதற்கு எனக்கு அடையாளம், சிக்கல் வருமுன் வந்து சொல்வதுதான்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து அந்த வீட்டில் குடியேறக்கூடும் என்றால் மூன்று வருஷ வாக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டை விற்கும் யோசனை இருந்தாலும் கூடாது. தெருவில் வாடகை வேகமாக ஏறிக்கொண்டிருக்கும் இடமாக இருந்தால் மூன்றாம் வருஷத் தொகையை நன்றாக யோசித்து எழுத வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டால் தெரு வாடகை எங்கே போனாலும் நாம் எழுதியதுதான் வாடகை.

ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை மாடியில் டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்டது. அரைமணி நேரம் கழித்து அந்தப் பெண் கீழே வந்து, காலியான அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். படிக்கட்டுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மொத்தம் ஐந்து பெட்டிகள்.